தரையில் வழி தவறும் விமானம்: ஓடுபாதைக் கோடு, பலகை, விளக்கு மூன்றையும் பைலட் எப்படிப் படிக்கிறார்?

பறக்கும்போது விமானம் எங்கே இருக்கிறது என்று பைலட்டுக்கும் தெரியும், தரையில் ரேடார் திரை முன் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். இறங்கிய பிறகுதான் சில நேரம் இரண்டு பேருக்கும் தெரியாமல் போகிறது. பெரிய விமான நிலையம் ஒன்றில், பயணிகள் ஏறும் இடத்திலிருந்து ஓடுபாதை வரை சில கிலோமீட்டர் தூரம் உருண்டு போக வேண்டியிருக்கும். வழியில் பல பிரிவுகள், பல திருப்பங்கள். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் தெளிவாக இருக்கும். இரவில், மழையில், காக்பிட் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரிவதெல்லாம் கறுப்புத் தரையும் அதில் சிதறிக் கிடக்கும் வண்ண விளக்குகளும்தான்.

இந்தத் தரையில் நடக்கக்கூடிய ஆபத்தான தவறுகளில் முதலில் வருவது ஓடுபாதை ஊடுருவல். விமானப் போக்குவரத்துக்காரர்கள் ரன்வே இன்கர்ஷன் என்பார்கள். விமானம் ஏறவும் இறங்கவும் ஒதுக்கி, பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் ஒரு விமானமோ வண்டியோ ஆளோ இருக்கக் கூடாத நேரத்தில் இருந்தால், அது ஊடுருவல். இது ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவ் தரும் வரையறையின் சாரம். மோதல் நடந்திருக்க வேண்டும் என்றில்லை. அந்த நேரத்தில் ஓடுபாதையில் வேறு விமானம் இல்லாவிட்டாலும் ஊடுருவல் ஊடுருவல்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: பாதுகாக்கப்பட்ட பகுதி ஓடுபாதையின் விளிம்பில் தொடங்குவதில்லை. அதற்கு நன்றாக முன்னாலேயே, தரையில் போட்டிருக்கும் ஒரு மஞ்சள் கோட்டில் தொடங்குகிறது. பெரிய விமானங்கள் கருவி உதவியோடு இறங்கும் ஓடுபாதைகளில், இந்தக் கோடு ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து பொதுவாக 90 மீட்டர் தள்ளி இருக்கும். முன்சக்கரம் அதை அனுமதியில்லாமல் தாண்டினாலே ஊடுருவல் என்று பதிவாகும்.

விமான நிலையத்தில் உள்ள கோடு, பலகை, விளக்கு எல்லாமே பைலட்டுக்கு இரண்டே கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. நான் இப்போது எங்கே இருக்கிறேன்? இதற்கு மேல் போகலாமா? இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் மொத்த ஏற்பாடும் எளிதாகப் புரியும்.

முதலில் நிறம். ஓடுபாதையில் பூசியிருக்கும் கோடுகளும் எண்களும் வெள்ளை. விமானம் உருண்டு போகும் பாதையான டாக்ஸிவேயில் பூசியிருப்பவை மஞ்சள். காலடியில் வெள்ளைக் கோடு ஓடினால் நீங்கள் நிற்பது ஓடுபாதை. இருட்டில் இதே வேலையை விளக்குகள் செய்கின்றன. டாக்ஸிவேயின் ஓரத்தில் நீலம், நடுவில் பச்சை. ஓடுபாதையின் ஓரத்தில் வெள்ளை, நடுவிலும் வெள்ளை. ஓடுபாதை முடியப் போகிறது என்றால் நடுவிளக்குகள் நிறம் மாறும்: கடைசி 900 மீட்டர் தொடங்கியதும் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும், கடைசி 300 மீட்டரில் முழுச் சிவப்பு. எல்லா விமான நிலையத்திலும் எல்லா விளக்கும் இருக்காது. சிறிய நிலையங்களில் ஓர விளக்கு மட்டும் இருக்கும், நடுவிளக்கு இருக்காது. ஆனால் இருக்கும் விளக்கின் நிறம் எந்த நாட்டுக்குப் போனாலும் இதேதான்.

அடுத்து ஓடுபாதையின் முனையில் பெரிதாக எழுதியிருக்கும் எண். சென்னை விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. ஒன்றுக்கு 07, 25 என்று பெயர், இன்னொன்றுக்கு 12, 30. இவை வரிசை எண்கள் இல்லை, திசைகாட்டியின் பாகைகள். வடக்கிலிருந்து வலமாக 70 பாகையை ஒட்டி நோக்கும் முனைக்கு 07. அதே பாதையை எதிர் முனையிலிருந்து பார்த்தால் 250 பாகை வரும், அதனால் 25. இரண்டுக்கும் எப்போதும் 18தான் வித்தியாசம். ஒரே திசையில் இரண்டு ஓடுபாதைகள் இணையாக இருந்தால் இடது, வலது என்று ஆங்கில எழுத்தைச் சேர்ப்பார்கள்.

இப்படிப் பெயர் வைத்ததில் ஒரு பெரிய வசதி உண்டு. ஓடுபாதையில் நேராக நின்றதும் பைலட் கீழே எழுதியிருக்கும் எண்ணையும் தன் திசைகாட்டியையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். 2006 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் லெக்சிங்டனில், விடியும் முன் இருட்டில், கோம்ஏர் விமானம் ஒன்று 22ஆம் ஓடுபாதைக்குப் போக வேண்டியது, 26இல் ஏறி நின்று புறப்பட்டது. 26 சிறிய விமானங்களுக்கான பாதை, நீளம் சுமார் 1,070 மீட்டர்தான். விமானம் மேலே எழும்புவதற்குள் பாதை முடிந்துவிட்டது. உள்ளே இருந்த 50 பேரில் 49 பேர் இறந்தார்கள். திசைகாட்டி 220ஐ ஒட்டிக் காட்ட வேண்டிய இடத்தில் 40 பாகை தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு பார்வை போதும், ஆனால் அந்தப் பார்வை விழவில்லை. இது ஊடுருவல் வகையில் சேராத விபத்து, ஆனாலும் எண்ணைப் படிப்பது ஏன் சடங்கு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது பலகைகளுக்கு வருவோம். டாக்ஸிவேயின் ஓரத்தில் புல்லில், ஓர் ஆளின் உயரம்கூட இல்லாமல், உள்ளிருந்து ஒளிரும் பலகைகள் நிற்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு எழுத்தும் எண்ணும் அம்புக்குறியுமாகக் குழப்பமாக இருக்கும். பின்னணி நிறத்தை மட்டும் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது நீங்கள் இருக்கும் இடத்தின் பெயர். கறுப்பில் மஞ்சளாக ‘பி’ என்று இருந்தால் நீங்கள் இப்போது, ரேடியோவில் எழுத்து மாறிக் கேட்காமல் இருக்கப் பிராவோ என்று சொல்லும் பி டாக்ஸிவேயில் உருண்டுகொண்டிருக்கிறீர்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தும் அம்புக்குறியும் இருந்தால் அது அங்கே போகும் வழி. இரண்டையும் மாற்றிப் படிப்பதுதான் பயிற்சி மாணவர்கள் அடிக்கடி செய்வது. மஞ்சள் பலகையில் உள்ள பெயரைத் தாங்கள் இருக்கும் இடம் என்று எண்ணிக்கொள்வார்கள்.

மூன்றாவது வகை சிவப்புப் பலகை, வெள்ளை எழுத்து. இது கட்டளை. இந்தப் பலகைக்கு அப்பால் அனுமதியில்லாமல் போகக் கூடாது. ஓடுபாதைக்கு முன்னால் நிற்கும் சிவப்புப் பலகையில் அந்த ஓடுபாதையின் இரண்டு எண்களும் இருக்கும், உதாரணமாக 07–25. எண்கள் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதிலும் ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. இடப்பக்கம் 07 என்றிருந்தால், இங்கிருந்து இடது கைப் பக்கமாகப் போனால் 07 முனை வரும், வலப்பக்கம் போனால் 25 முனை. ஒரே ஓர் எண் மட்டும் இருந்தால் நீங்கள் அந்த ஓடுபாதையின் தொடக்கத்திலேயே நிற்கிறீர்கள். பெரும்பாலும் இந்தச் சிவப்புப் பலகையோடு ஒட்டிக் கறுப்பு இடப்பெயர்ப் பலகையும் இருக்கும். ஆக ஒரே பார்வையில் நான் எந்த டாக்ஸிவேயில் இருக்கிறேன், எந்த ஓடுபாதையின் முன் நிற்கிறேன், அதன் எந்த முனை எந்தப் பக்கம் என்ற மூன்றும் கிடைத்துவிடும்.

பலகை நிற்கும் இடத்திலேயே தரையில் அந்த மஞ்சள் கோடு வரும். காத்திருப்புக் கோடு என்று சொல்லலாம். உண்மையில் அது ஒரு கோடு இல்லை, டாக்ஸிவேயைக் குறுக்காக வெட்டும் நான்கு கோடுகள்: இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. முழுக்கோடு டாக்ஸிவே பக்கம், விட்டுவிட்டு வரும் கோடு ஓடுபாதைப் பக்கம். நம் நெடுஞ்சாலையின் நடுவில் ஒரு பக்கம் முழுக்கோடும் மறுபக்கம் விட்டுவிட்டு வரும் கோடும் போட்டிருந்தால் யார் தாண்டலாம், யார் தாண்டக் கூடாது என்று இருக்கிறதல்லவா, அதே விதிதான் இங்கேயும். உங்கள் பக்கம் முழுக்கோடு என்றால் அனுமதி வேண்டும். ஓடுபாதையிலிருந்து வெளியே வரும்போது விட்டுவிட்டு வரும் கோடு முதலில் வரும், அதைத் தாராளமாகத் தாண்டலாம், தாண்டியே ஆக வேண்டும். வெளியே வருகிறவர் செய்யும் தவறு வேறு மாதிரி: மூக்கு கோட்டைத் தாண்டியதும் நின்றுவிடுவார், வால் இன்னும் உள்ளே இருக்கும். விமானத்தின் கடைசிப் பகுதியும் கோட்டைக் கடந்த பிறகுதான் ஓடுபாதை காலி என்று கணக்கு.

மூடுபனியில் பயன்படுத்தும் ஓடுபாதைகளில், இதற்கும் முன்னால் ஏணியைப் படுக்க வைத்தது போல இன்னொரு மஞ்சள் குறி இருக்கலாம். இறங்கும் விமானங்களுக்கு வழிகாட்டும் ரேடியோ அலைகளை, தரையில் நிற்கும் விமானத்தின் உலோக உடல் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக, பார்வை குறைவான நேரத்தில் இன்னும் தள்ளியே நிறுத்துவதற்கானது அது.

கோட்டைப் பனியும் மழையும் மறைக்கலாம், பலகை பக்கவாட்டில் இருப்பதால் கண்ணில் படாமல் போகலாம். அதனால் அதே இடத்தில் விளக்குகளும் சேரும். கோட்டுக்கு இரண்டு ஓரத்திலும் ஜோடியாக மஞ்சள் விளக்குகள் மாறி மாறி மினுக்கும். ஓடுபாதை வருகிறது, கவனம் என்று அவை சொல்கின்றன. அதற்கும் மேலே ஒரு படி, ஸ்டாப் பார். காத்திருப்புக் கோட்டை ஒட்டித் தரையில் பதித்த சிவப்பு விளக்குகளின் வரிசை இது. ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி கொடுக்கும்போது, விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டுக் கோபுரமான டவரில் இருப்பவர் பொத்தானை அழுத்தி இதை அணைப்பார். சிவப்பு அணையும், அதற்கு அப்பால் பச்சை நடுவிளக்குகள் எரியத் தொடங்கும். காதில் கேட்ட அனுமதிக்குக் கண்ணிலும் ஒரு சாட்சி கிடைக்கிறது.

இங்கே ஒரு விதி உண்டு, விட்டுக்கொடுக்க முடியாத விதி. டவர் வாயால் போகலாம் என்று சொல்லிவிட்டது, ஆனால் சிவப்பு இன்னும் எரிகிறது என்றால் பைலட் நகரக் கூடாது. “சிவப்பு எரிகிறதே?” என்று கேட்க வேண்டும். விளக்கு பழுது என்றால் அதற்கென்று தனி நடைமுறை இருக்கிறது. நேரம் ஆகிறது, பின்னால் வரிசை நிற்கிறது என்று ஒரு நாள் எரியும் சிவப்பைத் தாண்டிவிட்டால் அடுத்த நாளிலிருந்து அந்தச் சிவப்புக்கு அர்த்தமே இருக்காது.

இவ்வளவும் சரியாக இருந்தும் எங்கே உடையும்? இதற்கு 2001 அக்டோபர் 8 காலையில் இத்தாலியின் மிலான் நகரில், லினாட்டே விமான நிலையத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அன்று அடர்த்தியான மூடுபனி, பார்வை 200 மீட்டரை ஒட்டித்தான் இருந்தது. சில இடங்களில் அதற்கும் குறைவு. டவரில் இருப்பவர்களுக்கு ஜன்னல் வழியே ஓடுபாதை தெரியவில்லை. தரையில் விமானங்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் ரேடாரும் இயங்கவில்லை. பழையதை நிறுத்திவிட்டார்கள், புதியது இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆகவே ஒவ்வொரு விமானமும் எங்கே இருக்கிறது என்பதற்கு அந்த விமானத்தின் பைலட் ரேடியோவில் சொல்வது ஒன்றுதான் ஆதாரம்.

மேற்கு நிறுத்துமிடத்தில் ஒரு சிறிய ஜெட் விமானம், செஸ்னா சைட்டேஷன், புறப்படத் தயாராக நின்றது. உள்ளே இரண்டு பைலட்டுகள், இரண்டு பயணிகள். அங்கிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. ரோமியோ 5 வடக்கே போய், பெரிய ஓடுபாதையின் முனையைச் சுற்றிக்கொண்டு பிரதான நிறுத்துமிடப் பக்கம் சேரும். ரோமியோ 6 தென்கிழக்கே போய், ஓடுபாதையைக் குறுக்காக வெட்டும். தரையில் உருளும் விமானங்களுக்கு வழி சொல்லும் தரைக் கட்டுப்பாட்டாளர் செஸ்னாவுக்குச் சொன்னது: வடக்கே, ரோமியோ 5 வழியாகப் போங்கள், பிரதான ஓடுபாதையின் நீட்சியில் உள்ள ஸ்டாப் பாரில் என்னைக் கூப்பிடுங்கள். பைலட் அதைத் திருப்பிச் சொன்னார். ரோமியோ 5 என்று சொன்னார், ‘வடக்கே’ என்பது விடுபட்டது. ‘ஓடுபாதையின் நீட்சி’ என்பதும் போய், ‘பிரதான ஓடுபாதையை அடையும் முன்’ என்று மாறியது. ஒரு வழி ஓடுபாதையைச் சுற்றுகிறது, மற்றது அதற்கே போகிறது. வித்தியாசம் அந்த இரண்டு சொற்களில்தான் இருந்தது, இரண்டும் காணாமல் போயின. கட்டுப்பாட்டாளரும் திருத்தவில்லை.

செஸ்னா ரோமியோ 6இல் திரும்பியது.

கொஞ்ச தூரம் போனதும் பைலட் ரேடியோவில், சியரா 4ஐ நெருங்குகிறேன் என்றார். பொய்யில்லை. ரோமியோ 6இன் தரையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் கட்டுப்பாட்டாளர் கையில் இருந்த எந்த வரைபடத்திலும் சியரா 4 என்ற பெயர் இல்லை. எங்கேயோ பழைய ஏற்பாட்டில் பூசப்பட்டு, அழிக்கப்படாமல், வரைபடத்தில் ஏறாமல் தங்கிப்போன குறி அது. கட்டுப்பாட்டாளர் இடத்தை உறுதிப்படுத்தச் சொன்னார். ஓடுபாதையை நெருங்குகிறேன், சியரா 4 என்று மறுபடியும் பதில் வந்தது. ரோமியோ 5இல் இருந்தால் இந்த நேரத்தில் இந்த இடத்தில்தான் இருக்கும் என்று கட்டுப்பாட்டாளர் மனதில் ஒரு படம் ஏற்கெனவே இருந்தது. அந்தப் படத்தை வைத்தே ஸ்டாப் பாரில் நில்லுங்கள் என்றார். பிறகு, பிரதான நிறுத்துமிடத்துக்குத் தொடருங்கள், ஆல்ஃபா கோட்டைப் பின்பற்றுங்கள் என்றார். செஸ்னாவுக்கு அது மேலே போகலாம் என்ற அனுமதியாகக் கேட்டது.

இப்போது அந்த விமானத்தின் முன்னால் என்னென்ன இருந்தன என்று நாம் படித்ததை வைத்துப் பார்க்கலாம். தரையில் மஞ்சள் காத்திருப்புக் கோடு இருந்தது. குறுக்கே சிவப்பு விளக்கு வரிசை இருந்தது. ஒளிரும் பலகையும் இருந்தது. மூன்றையும் தாண்டித்தான் அது ஓடுபாதைக்குள் போனது. ஓடுபாதைக்குள் யாரோ நுழைகிறார்கள் என்று உணர்ந்து எச்சரிக்க வேண்டிய சென்சார்கள், விலங்குகளாலும் வண்டிகளாலும் பொய் எச்சரிக்கை வருகிறது என்று சில ஆண்டுகளுக்கு முன்பே செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தன.

அதே நேரத்தில் ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸின் எம்.டி.-87 விமானம் 110 பேரோடு கோபன்ஹேகனுக்குப் புறப்பட, அதே ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தது. அது டவரின் அலைவரிசையில் இருந்தது. செஸ்னா தரைக் கட்டுப்பாட்டின் அலைவரிசையில். ஆகவே ஒருவர் பேசியது இன்னொருவருக்குக் கேட்க வழியில்லை. மூக்கு மேலே எழும் நேரத்தில் மோதல் நடந்தது. பெரிய விமானத்தின் வலது எஞ்சின் பிய்த்துக்கொண்டது, விமானம் சில நொடிகள் காற்றில் எழும்பி, மறுபடி தரையில் இறங்கி, ஓடுபாதைக்கு அப்பால் இருந்த சாமான் கையாளும் கட்டடத்தில் மோதியது. இரண்டு விமானங்களிலும் ஒருவரும் பிழைக்கவில்லை. கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பேரும் சேர்த்து 118 பேர் இறந்தார்கள்.

இதைச் சிவப்பு விளக்கைத் தாண்டிய பைலட்டின் கவனக்குறைவு என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அது பாதிக் கதை என்பது என் எண்ணம். சிவப்பைத் தாண்டக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் அவர்கள் தங்களை ரோமியோ 5இல் இருப்பதாக நம்பினார்கள். அங்கேயும் ஒரு ஸ்டாப் பார் உண்டு என்று சொல்லியிருந்தார்கள், அதைத் தாண்டிப் போகவும் சொல்லிவிட்டார்கள். எதிரில் வந்த சிவப்பு அவர்கள் எதிர்பார்த்திருந்த சிவப்பு. தான் எங்கே இருக்கிறேன் என்ற முதல் கேள்விக்கு விடை தப்பாகிவிட்டால், மேலே போகலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு வரும் எல்லாப் பதிலும் சரியானது போலவே தோன்றும். அவர்கள் திசைகாட்டியைப் பார்த்திருந்தால் வடக்கே போக வேண்டிய விமானம் தென்கிழக்கே போவது தெரிந்திருக்கும். கட்டுப்பாட்டாளர் ‘சியரா 4 என்று எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை, அங்கேயே நில்லுங்கள்’ என்று சொல்லியிருந்தாலும் கதை மாறியிருக்கும். வரைபடத்தில் இல்லாத ஒரு பெயர் ரேடியோவில் வந்ததே அன்று கிடைத்த கடைசி எச்சரிக்கை.

கோடும் பலகையும் பழுதில்லாமல், மூடுபனியும் இல்லாமல் இருந்தால்கூட இன்னொரு ஓட்டை உண்டு. அது சொல். 2024 ஜனவரி 2 மாலை டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், நிலநடுக்க நிவாரணப் பொருள்களோடு புறப்படக் காத்திருந்த ஜப்பான் கடலோரக் காவல்படை விமானத்துக்கு, நீங்கள் முதலாவது, சி5 என்ற காத்திருப்பு இடம் வரை வாருங்கள் என்று டவர் சொன்னது. ‘முதலாவது’ என்பது புறப்படும் வரிசையில் முதலாவது என்ற பொருள், ஓடுபாதைக்குள் வரலாம் என்ற பொருள் இல்லை. பைலட் சி5 வரை என்று சரியாகத் திருப்பிச் சொன்னார். ஆனால் சி5ஐத் தாண்டி ஓடுபாதைக்குள் போய், சுமார் 40 நொடி அங்கேயே நின்றார். பின்னாலிருந்து இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 மோதியது. அதில் இருந்த 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து தப்பினார்கள். சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். சி5இல் ஸ்டாப் பார் சில நாட்களாக வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஆனால் அது நன்றாக இருந்திருந்தாலும் அன்று எரிந்திருக்காது. அங்கே பார்வை குறைந்த நேரத்தில்தான் அதைப் பயன்படுத்துவார்கள், அன்று வானிலை தெளிவு. டவரின் திரையில் ஓடுபாதை நிறம் மாறி எச்சரிக்கை காட்டியது, ஆனால் ஒலி எதுவும் இல்லை. பிறகு ஜப்பானில் புறப்படும் விமானங்களிடம் ‘முதலாவது’ என்று சொல்வதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள்.

அப்படியானால் பைலட் என்னதான் செய்கிறார்? உருளத் தொடங்கும் முன்பே வரைபடத்தை எடுத்து, போக வேண்டிய வழியை இரண்டு பைலட்டுகளும் வாய்விட்டுப் பேசிக்கொள்வார்கள்: இந்த இடத்தில் இடது, இந்த ஓடுபாதையைக் கடக்க வேண்டும், அங்கே நிற்க வேண்டும். வரைபடத்தில் சில சந்திப்புகளை ஒரு வட்டம் போட்டுக் குறித்திருப்பார்கள். இதற்கு முன்பு குழப்பமோ ஊடுருவலோ நடந்த, நடக்க வாய்ப்புள்ள இடங்கள் அவை. ஹாட் ஸ்பாட் என்பார்கள். டவர் சொன்ன வழியைக் காகிதத்தில் குறித்துக்கொள்வார்கள். ‘இந்த ஓடுபாதைக்கு முன் நில்’ என்ற பகுதியை எழுத்து பிசகாமல் திருப்பிச் சொல்வார்கள். அதை விட்டுவிட்டால் டவர் மறுபடி கேட்டு வாங்க வேண்டும். ஒரு டாக்ஸிவேயில் திரும்பியதும் கறுப்புப் பலகையைப் பார்த்து, வரைபடத்தில் விரல் வைத்து, திசைகாட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றில் ஒன்று முரண்பட்டாலும் நின்றுவிட வேண்டும்.

காத்திருப்புக் கோடு நெருங்கும்போது மற்ற வேலைகள் எல்லாம் நிற்கும். சரிபார்ப்புப் பட்டியல் படிப்பது, விமானக் கணினியில் எதையாவது மாற்றுவது, பயணிகளுக்கு அறிவிப்பு எதுவும் கிடையாது. இரண்டு தலையும் வெளியே பார்க்கும். பல விமான நிலையங்களில், கோட்டுக்கு முன்னாலுள்ள சில பத்து மீட்டருக்கு நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் விட்டுவிட்டுக் கூடுதல் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். தலையைக் குனிந்து வேறு வேலை பார்த்தவரும் நிமிர்ந்து பார்க்கட்டும் என்பதற்காகத்தான். அனுமதி கிடைத்து உள்ளே நுழையும் முன், இடது பக்கம் இருப்பவர் இடப்பக்கத்தையும் வலது பக்கம் இருப்பவர் வலப்பக்கத்தையும் பார்த்து, காலி என்று வாயால் சொல்வார்கள். வானத்தில் இறங்கி வரும் விளக்கு தெரிகிறதா என்பதுதான் முக்கியமான பார்வை. தங்கள் விமானத்தின் மின்னும் வெள்ளை விளக்குகளையும் எரியவிடுவார்கள், மற்றவர் பார்க்கட்டும் என்று.

எங்கே இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால் டாக்ஸிவேயிலேயே நின்று, தெரியவில்லை என்று சொல்வதுதான் வழி. டவர் வழிகாட்டும் வண்டியை அனுப்பும். ஒருவேளை நிற்பது ஓடுபாதை மேல் என்று தெரிந்துவிட்டால் மட்டும் அங்கே நிற்கக் கூடாது. உடனே வெளியேறி, அதை டவருக்குச் சொல்ல வேண்டும்.

மனிதரின் காதையும் வாயையும் நம்பாமல் தானாகவே இயங்கும் விளக்குகளும் வந்துவிட்டன. அமெரிக்காவின் பல பெரிய விமான நிலையங்களிலும் ஜப்பானின் சில நிலையங்களிலும் இவை இருக்கின்றன. தரையில் எது எங்கே நகர்கிறது என்பதை ரேடாரும் மற்றக் கருவிகளும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஓடுபாதையில் ஒரு விமானம் வேகமாக வருகிறது என்றால், அதை வெட்டும் டாக்ஸிவேக்களின் வாயில் தரை விளக்குகள் தாமாகச் சிவக்கும். புறப்படக் காத்திருக்கும் விமானத்தின் முன்னாலும், யாராவது குறுக்கே நுழைந்தால் ஓடுபாதையிலேயே சிவப்பு எரியும். டவரில் யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. ஸ்டாப் பாருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு, புதிதாகப் பறப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வார்கள். இந்தத் தானியங்கிச் சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும். அணைந்தால், குறுக்கே ஆபத்தாக எதையும் கருவி பார்க்கவில்லை என்று மட்டுமே அர்த்தம். போகலாம் என்பதை அப்போதும் டவர்தான் வாயால் சொல்ல வேண்டும்.